சென்னை பால்கனியில் காபிச் செடி: வெயில், தண்ணீர், அப்புறம் கொட்டை

கேள்வி: போன மாதம் ஏற்காட்டிலிருந்து ஒரு காபி நாற்று வாங்கி வந்தோம், ஒரு முழம் உயரம் இருக்கும். வீடு சென்னையில், இரண்டாவது மாடி, கிழக்குப் பார்த்த பால்கனி. எவ்வளவு வெயில் வேண்டும், எத்தனை நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் விடுவது? என்றைக்காவது இதிலிருந்து காபிக் கொட்டை கிடைக்குமா, இல்லை வெறும் இலைச்செடிதானா?

கிடைக்கும். ஆனால் சென்னையில் தானாகக் கிடைக்காது. மலையில் குளிரும் மழையும் செய்கிற ஒரு வேலையை வருடத்தில் ஒன்றரை மாதம் நீங்கள் செய்ய வேண்டியிருக்கும். அதைச் செய்யாவிட்டாலும் செடி நன்றாக வளரும், இலை பளபளவென்று அழகாகத்தான் இருக்கும், ஆனால் பூ வந்தால் அங்கொன்று இங்கொன்று என்று வந்து உதிர்ந்துவிடும். அந்த வேலை என்ன என்பதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் உங்களிடம் இருப்பது அராபிகாவா ரொபஸ்டாவா என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கொட்டை கிடைப்பது பாதி இதில்தான் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், அங்கே தோட்டங்களில் இருப்பது பெரும்பாலும் அராபிகா, அதனால் உங்கள் நாற்றும் அதுவாகத்தான் இருக்கும். இலையை வைத்தே சொல்லிவிடலாம். அராபிகா இலை ஒரு விரல் நீளத்துக்குக் கொஞ்சம் கூட, குறைய இருக்கும், கரும்பச்சை, மினுமினுப்பு. ரொபஸ்டா இலை உள்ளங்கையைவிடப் பெரிதாகப் போகும், நிறம் சற்று வெளிர், நரம்புகளுக்கு நடுவே மேடும் பள்ளமுமாகச் சுருங்கின மாதிரி இருக்கும். அராபிகா தன் மகரந்தத்தாலேயே காய்க்கும், ஒரே ஒரு செடி போதும். ரொபஸ்டா அப்படி இல்லை, தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது, அதனால் ஒற்றை ரொபஸ்டா செடி எத்தனை பூ பூத்தாலும் காய் பிடிக்காது. பக்கத்தில் விதையிலிருந்து வந்த இன்னொரு ரொபஸ்டா ஒரே நேரத்தில் பூக்க வேண்டும். சூட்டைத் தாங்குவதில் ரொபஸ்டாதான் மேல் என்பது உண்மை, சமவெளியில் அதை வைக்கச் சொல்கிறவர்களும் அதற்காகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அது பெரிய மரமாகப் போகிற சாதி, பால்கனியில் இரண்டு தொட்டி ரொபஸ்டாவுக்கு இடம் கொடுப்பது கஷ்டம். எனக்குக் கேட்டால் பால்கனிக்கு அராபிகாதான். குட்டையாக வளரும் காவேரி, சந்திரகிரி மாதிரியான ரகமாக இருந்தால் இன்னும் நல்லது.

வெயில் விஷயத்தில் கிழக்குப் பார்த்த பால்கனி உங்களுக்கு அதிர்ஷ்டம். காபி காட்டு மரங்களுக்கு அடியில் வளர்ந்து பழகிய செடி. நம் மலைத் தோட்டங்களில் இன்றைக்கும் சில்வர் ஓக், முள்ளுமுருங்கை, பலா என்று நிழல் மரங்களுக்குக் கீழேதான் வைக்கிறார்கள். ஆனால் நிழல் என்றால் இருட்டு இல்லை, வடிகட்டின வெளிச்சம். காலை ஒன்பது, ஒன்பதரை வரை நேர் வெயில், அதற்குப் பிறகு நாள் முழுக்க நல்ல வெளிச்சமுள்ள நிழல் என்று கிடைத்தால் போதும். வீட்டுக்குள் கூடத்தில் வைத்தால் சாகாது, ஆனால் பூக்காது. வெளிச்சம் போதவில்லை என்றால் ஒரு ஜோடி இலைக்கும் அடுத்த ஜோடிக்கும் இடைவெளி நீண்டுகொண்டே போகும், தண்டு நெடுநெடுவென்று மெலிந்து வளரும். வெயில் அதிகம் என்றால் வெயில் படுகிற பக்கத்து இலைகள் மட்டும் வெளுத்து மஞ்சளாகி, நடுவில் பழுப்புத் திட்டு விழும். ஒரே பக்கம் மட்டும் இப்படி ஆனால் அது நோய் இல்லை, வெயில்தான்.

ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் கடைசி வரை மட்டும் தனியாகக் கவனிக்க வேண்டும். அராபிகாவுக்குப் பிடித்தது 15 முதல் 25 டிகிரி, சென்னை மே மாதத்தில் ராத்திரியே 28 டிகிரி இருக்கும். அந்த மாதங்களில் செடி வளராமல் அப்படியே நிற்கும், உரம் போட்டு அதைத் துரத்தாதீர்கள். 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள், சுவரை ஒட்டி வைக்காதீர்கள், சாயங்காலம் வரை அந்தச் சுவர் சூட்டைக் கக்கும். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி என்றால் வேர் வெந்துபோகும், அதனால் தொட்டியைச் சுற்றிச் சணல் சாக்கைக் கட்டி நனைத்துவிடுவதோ, பெரிய மண்தொட்டிக்குள் இறக்கி வைப்பதோ நல்லது. சென்னையின் ஈரக்காற்று காபிக்கு ஒத்துக்கொள்ளும், அது ஒரு ஆறுதல். ஏசி ஓடும் அறைக்குள் மட்டும் கொண்டுபோகாதீர்கள், இலை ஓரம் கருகும்.

தொட்டியைப் பற்றி இரண்டு வார்த்தை. எடுத்த எடுப்பில் பெரிய தொட்டிக்குப் போக வேண்டாம், வேர் எட்டாத மண் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு அழுகலைக் கொண்டுவரும். இப்போது எட்டு, பத்து அங்குலம், வேர் அடித்துளையில் எட்டிப் பார்க்கும்போது பதினான்கு அங்குலம், அதுவே கடைசித் தொட்டி. அகலத்தைவிட ஆழம் முக்கியம், ஏனென்றால் ஆணிவேர் நேராக இறங்க வேண்டும், நாற்றுப் பையில் அது மடங்கியிருந்தால் மாற்றும்போது மடங்கிய நுனியை வெட்டிவிடுங்கள். செம்மண், மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம், உப்புப் போகக் கழுவிய தென்னைநார்க் கழிவு மூன்றும் சம அளவு, அதோடு வடிகாலுக்கு ஒரு கை மணல்.

சரி, தண்ணீர். "எத்தனை நாளைக்கு ஒரு தடவை" என்று நாள் கணக்கு வைத்தால் தப்பாகப் போகும். விரலை மண்ணுக்குள் இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள், அந்த ஆழத்தில் ஈரம் குறைந்து லேசாகக் காய ஆரம்பித்திருந்தால் ஊற்றுங்கள், ஊற்றினால் அடியில் வடியும்வரை ஊற்றுங்கள், அடித்தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். இப்போதைய தொட்டிக்கு ஒரு தடவைக்கு ஒரு லிட்டர் ஆகும். மே மாதத்தில் தினமும் கேட்கும், வடகிழக்குப் பருவமழை நேரத்தில் வாரக்கணக்கில் கேட்காது. காபி இலை தொங்குவதைப் பார்த்ததும் தண்ணீரை எடுக்காமல் முதலில் மண்ணைத் தொட்டுப் பாருங்கள். மண் காய்ந்து இலை தொங்கினால் தாகம், ஊற்றின சில மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். மண் ஈரமாக இருந்தும் இலை தொங்கினால், அடி இலைகள் மஞ்சளாகவும் ஆனால், அது வேர் அழுகல், அதற்கு மேல் ஊற்றுகிற ஒவ்வொரு சொம்பும் செடியைக் கொல்லும்.

இதைவிடப் பெரிய சிக்கல் தண்ணீரின் குணம். சென்னையில் பல வீடுகளில் வருவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், உப்பும் சுண்ணாம்பும் கலந்தது. காபிக்கு மண்ணின் பி.எச். 6 முதல் 6.5 வரை, அதாவது கொஞ்சம் புளிப்புப் பக்கம் இருக்க வேண்டும். சுண்ணாம்புத் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் அது மெதுவாக மேலே ஏறும், மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாமல் போகும். அடையாளம் தெளிவானது: புதுத் தளிர்கள் மட்டும் மஞ்சளாக வரும், அந்த மஞ்சளுக்கு நடுவே நரம்புகள் பச்சையாக வலை போட்ட மாதிரி தெரியும். பழைய இலை மஞ்சளானால் அது தழைச்சத்துக் குறைவாகவோ வேர்ப் பிரச்சினையாகவோ இருக்கலாம், புது இலை இப்படி ஆனால் அது இரும்பு. கடையில் இரும்பு செலேட் என்று கேட்டு வாங்கி, பொட்டலத்தில் போட்டிருக்கிற அளவுக்குக் கரைத்து மண்ணில் ஊற்றினால் அடுத்த தளிர் பச்சையாக வரும். ஆனால் தண்ணீரை மாற்றாவிட்டால் திரும்ப வரும். மழைத்தண்ணீரைப் பிடித்து வையுங்கள், அது இல்லாத மாதங்களில் ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் போதும், அதில் உப்பு கிடையாது, ஒற்றைத் தொட்டிக்குத் தாராளமாகக் காணும். ஆர்.ஓ. கருவி வெளியே தள்ளுகிற கழிவுநீரை மட்டும் ஊற்றவே ஊற்றாதீர்கள், நல்ல தண்ணீரை எடுத்த பிறகு மிச்ச உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கும். இலை நுனி மட்டும் காய்ந்து கருகிக்கொண்டே வந்தால் உப்பு ஏறிவிட்டது என்று அர்த்தம், மழைக்காலத்தில் தொட்டியைத் திறந்த இடத்தில் இரண்டு நல்ல மழைக்கு வைத்துவிட்டால் பெருமளவு கழுவிப் போய்விடும்.

இனிமேல்தான் கொட்டை.

விதையிலிருந்து மூன்று, நான்கு வருடத்தில் காபி பூக்கும். ஒரு முழ நாற்றுக்கு ஒரு வயதோ அதற்குச் சற்று மேலோ ஆகியிருக்கும், ஆக இன்னும் இரண்டு மூன்று வருடம். அதற்குள் செடியின் அமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள். நேரே மேலே போகிற நடுத்தண்டு பூக்காது, அதிலிருந்து ஜோடி ஜோடியாகப் பக்கவாட்டில் நீளுகிற கிளைகளில், இலையின் கக்கத்தில்தான் பூ வரும். அதனால் கொட்டை வேண்டும் என்றால் பக்கக் கிளைதான் சொத்து. நடுத்தண்டில் ஒரு கணுவிலிருந்து வந்த முதல் பக்கக் கிளை ஒடிந்துபோனால் அந்தக் கணுவில் அதற்குப் பதில் இன்னொன்று வராது, வெற்றிடமாகவே நிற்கும். ஆகவே அழகுக்காகச் சுற்றிலும் கத்தரிக்காதீர்கள், கூண்டுக்குள் அழுத்தி வைக்காதீர்கள். செடி மூன்றடி ஆனதும் நடுத்தண்டின் நுனியை மட்டும் கிள்ளிவிடுங்கள். உயரம் நின்று கிளைகள் பலப்படும். அப்புறம் தண்டிலிருந்து செங்குத்தாகக் கிளம்புகிற தளிர்களைப் பிஞ்சிலேயே கையால் ஒடித்துவிட வேண்டும். மலையில் இந்த வேலைக்கெல்லாம் சேர்த்துக் கவாத்து என்பார்கள்.

பூக்க வைப்பது எப்படி? மலைத் தோட்டங்களில் நடப்பதைச் சொல்கிறேன். மழை முடிகிற காலத்தில், பகல் குறுகி வரும்போது இலைக் கக்கங்களில் மொட்டு உருவாகிறது. பிறகு சில வாரங்கள் மழை இல்லாமல் காய்கிறது. மொட்டு கால் அங்குலத்துக்குக் கிட்ட வளர்ந்து பச்சையாக அப்படியே உறங்கிவிடும். மார்ச், ஏப்ரலில் ஒரு கோடை மழை விழும், அதற்கு அங்கே பூ மழை என்றே பெயர், அது விழுந்த எட்டு, பத்து நாளில் தோட்டமே ஒரே நாளில் வெள்ளையாகும், மல்லிகைக்குக் கிட்டத்தட்ட அதே வாசனை. அந்த மழை வராத வருடம் விளைச்சல் போயிற்று, அதனால்தான் வசதி இருக்கிறவர்கள் தெளிப்புநீர் பாய்ச்சுகிறார்கள். மொட்டு விழிப்பதற்கு இரண்டும் வேண்டும்: முன்னால் ஒரு வறட்சி, பின்னால் ஒரு நல்ல நனைப்பு. வீட்டுத் தொட்டியில் வருடம் முழுக்கத் தினமும் ஒரு சொம்பு ஊற்றினால் வறட்சியும் இல்லை, நனைப்பும் இல்லை, செடிக்கு எப்போது பூப்பது என்றே தெரியாது.

சென்னைக்கு இதை நான் இப்படி மாற்றிக்கொள்வேன். டிசம்பர் பாதியில் மழை ஓய்ந்ததும், கக்கங்களில் சின்ன மொட்டு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் டிசம்பர் கடைசியிலிருந்து தண்ணீரைக் குறையுங்கள். தொட்டி தரையைவிடச் சீக்கிரம் காயும் என்பதால் அடியோடு நிறுத்தக் கூடாது. மத்தியானம் இலை லேசாகத் துவண்டு சாயங்காலம் தானாக நிமிர்கிறதா, அந்த நிலையில் வைத்திருங்கள். சாயங்காலமும் நிமிரவில்லை என்றால் கால் லிட்டர் கொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். இப்படி ஐந்து, ஆறு வாரம். அடியில் இருக்கிற இலை நாலு உதிர்ந்தால் பதறாதீர்கள். பிப்ரவரி முதல் வாரத்தில் ஒரு சாயங்காலம் பூ மழையை நீங்களே பொழியுங்கள். மலையில் 25, 30 மில்லிமீட்டர் மழை போதும் என்பது கணக்கு, பதினான்கு அங்குலத் தொட்டியின் வாய்க்கு அது சுமார் மூன்று லிட்டர். அந்தத் தண்ணீரை மண்ணில் மட்டும் விடாமல் பூவாளியால் கிளை, மொட்டு எல்லாம் நனைய மேலேயிருந்து விடுங்கள், குளிர்ந்த தண்ணீராக இருந்தால் நல்லது, சட்டென்று சூடு தணிவதும் மொட்டை எழுப்பும். மறுநாள் காலையில் இன்னொரு தடவை. எட்டு, பத்து நாளில் பூ.

பிப்ரவரி என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. மார்ச் கடைசி, ஏப்ரல் சூட்டில் திறக்கிற பூக்கள் பல சமயம் சரியாக விரியாது, சின்னதாக, பச்சையும் வெளுப்புமாக, நட்சத்திரம் மாதிரி விறைத்து நின்றுவிடும், அவை காய் பிடிக்காது. பிப்ரவரியில் பகல் 31 டிகிரி அளவில், ராத்திரி 21, 22 என்று இருக்கும். சென்னை தருகிற குளிர் அவ்வளவுதான், அதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். பூ இரண்டு, மூன்று நாள் நிற்கும், அந்தக் காலை வேளைகளில் கிளையை மெல்லத் தட்டிவிட்டால் மகரந்தம் சேர்ந்துவிடும், தேனீ வராத மாடியிலும் அராபிகாவுக்கு அது போதும். பூத்த பிறகு தண்ணீர் தெளிக்காதீர்கள், மண்ணில் மட்டும் விடுங்கள், வழக்கமான அளவுக்குத் திரும்பிவிடுங்கள்.

பூ உதிர்ந்ததும் அந்த இடத்தில் கடுகு அளவில் பச்சைப் புள்ளிகள் நிற்கும். ஆறு, எட்டு வாரத்துக்கு அவை வளராமல் அப்படியே இருக்கும், பலர் காய் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டுவது இந்த நேரத்தில்தான். பொறுங்கள், பிறகு மடமடவென்று பருக்கும். அது நம் ஊரில் ஏப்ரல், மே மாதம், அதாவது செடிக்கு மிகவும் கஷ்டமான காலம். அப்போது ஒரு நாள் தண்ணீர் தவறினாலும் கொஞ்சம் கொட்டும், இல்லையென்றால் கொட்டை சின்னதாக, உள்ளே பொக்கையாகப் போகும். மலையில் காய் பழுக்க எட்டு, ஒன்பது மாதம், சூட்டில் கொஞ்சம் முந்தும், ஆக அக்டோபர், நவம்பரில் சிவக்கும்.

முதல் தடவை நிறையக் காய்த்தால் பாதியைக் கிள்ளி எறியச் சொல்வேன், மனசு வராது, ஆனாலும் செய்யுங்கள். காபி தன்னால் தாங்க முடியாத காயைத் தானே உதிர்த்துக்கொள்ளத் தெரியாத செடி. இலையிலிருந்தும் வேரிலிருந்தும் எல்லாச் சத்தையும் காய்க்கு இறைத்துவிட்டு, கிளை நுனியிலிருந்து பின்னோக்கிக் காய்ந்துகொண்டே வரும். கிளை போனால் அடுத்த வருடப் பூ எங்கே வரும்? காய் இருக்கிற மாதங்களில், ஜூன் கடைசி வரையான அந்தச் சூட்டுக் காலம் போன பிறகு, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஒரு கை மண்புழு உரமும், கொஞ்சம் சாம்பல்சத்துள்ள உரமும் கொடுங்கள். அடுப்புச் சாம்பல் வேண்டாம், அது பி.எச்-ஐ ஏற்றிவிடும். மாவுப்பூச்சியும் செதில் பூச்சியும் கட்டாயம் எட்டிப் பார்க்கும், தண்டில் எறும்பு ஏறினாலே இலைக்கு அடியில் தேடுங்கள், ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டு வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து சாயங்காலம் அடித்தால் அடங்கும்.

எவ்வளவு கிடைக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் அராபிகாத் தோட்டங்களின் சராசரி ஹெக்டேருக்குச் சுமார் 400, 450 கிலோ பச்சைக் கொட்டை. ஆறுக்கு ஆறு அடி இடைவெளியில் ஒரு ஹெக்டேரில் 3,000 செடி நிற்கும். ஆக, மலையில் தரையில் வேர்விட்ட செடியே வருடத்துக்கு 150 கிராம்தான் தருகிறது. உங்கள் தொட்டிச் செடி ஐந்தாறு வயதில் 300 பழம் தந்தால் அது நல்ல விளைச்சல். பழம் சுமார் அரைக் கிலோ இருக்கும். ஆறு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ பச்சைக் கொட்டை என்கிற கணக்கில் 75, 80 கிராம், வறுக்கும்போது ஆறில் ஒரு பங்கு எடை போய்விடும், மிச்சம் 65 கிராம். டிகாக்‌ஷன் கெட்டியாக வேண்டும் என்றால் நாலு டம்ளர். சென்னையில் முதல் விளைச்சல் ஐம்பது பழத்துக்குள் இருக்கலாம், அதை வறுக்க வேண்டாம், விதைக்கு வையுங்கள். காபி விதை காய்ந்து பழசானால் முளைக்காது, சில மாதங்களிலேயே உயிர் போய்விடும், கடையில் வாங்கும் பச்சைக் கொட்டை முளைக்காததற்கு அதுதான் காரணம். உங்கள் கையால் பறித்த புதுப் பழத்தின் விதை தட்டையான பக்கம் கீழே இருக்க, அரை அங்குல ஆழத்தில் போட்டால், ஒன்றரை இரண்டு மாதத்தில் தீக்குச்சித் தலை மாதிரி விதையைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும்.

குடிக்கத்தான் வேண்டும் என்றால், பழம் முழுச் சிவப்பானதும் பறியுங்கள், எல்லாம் ஒரே நாளில் பழுக்காது, இரண்டு மூன்று தவணை ஆகும். அன்றைக்கே விரலால் பிதுக்கிக் கொட்டையை எடுத்துத் தண்ணீரில் போடுங்கள், மிதப்பது பொக்கை, கொட்டிவிடுங்கள். மூழ்கினதை ஒரு நாள் ஊற வைத்தால் மேலே ஒட்டியிருக்கும் வழவழப்பு கழன்றுவிடும், கையால் தேய்த்தால் சொரசொரவென்று இருக்க வேண்டும். நன்றாகக் கழுவி நிழலும் வெயிலும் மாறி மாறிப் படுகிற இடத்தில் பத்து நாள் காயவைத்து, மேல் ஓட்டை நகத்தாலோ உரலில் லேசாகக் குத்தியோ நீக்குங்கள். கொட்டை நீலப்பச்சை நிறத்தில், கடித்தால் பல் பதியாத அளவுக்குக் காய்ந்திருக்க வேண்டும். இரும்புச் சட்டியில் நடுத்தரத் தீயில் கை ஓயாமல் கிளறி, படபடவென்று முதல் வெடிப்பு ஓய்ந்து இன்னும் ஓரிரு நிமிடம் போனதும் இறக்கி, முறத்தில் கொட்டி ஆறவிடுங்கள். ஒரு நாள் மூடாமல் வைத்திருந்துவிட்டு அப்புறம் அரையுங்கள்.